காதில் ஊறுவது ஊத்தையல்ல

காதுக்குள்ளிருந்து வரும் மஞ்சள் நிறப் பசையை நம்மில் பலர் காதூத்தை என்கிறோம். குறும்பி என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர். ஊத்தை என்று பெயர் வைத்துவிட்டபடியால், அதைத் தோண்டி எடுப்பதுதான் சுத்தம் என்ற எண்ணமும் நம்மிடம் கூடவே வந்துவிட்டது. தலைமுழுகிய கையோடு சிலர் தீக்குச்சியை எடுக்கிறோம். சிலர் கோழியிறகை எடுக்கிறோம். கடைகளில் பட்ஸ் என்று விற்கும் பஞ்சுக்குச்சி இப்போது அநேகமான வீடுகளில் இருக்கிறது. தாய்மார் பிள்ளையை மடியில் கிடத்தித் தலைக்கொண்டையூசியின் வளைந்த முனையால் காது துப்புரவு செய்வதும் நாம் காணாத காட்சியல்ல.

ஆனால் காது தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும் உறுப்பு. குறும்பி அந்த வேலைக்காகவே ஊறுகிறது. அது காதை அடைத்து நம்மை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது, அதற்குக் காரணம் பெரும்பாலும் நமது கையிலிருக்கும் குச்சிதான். இது எப்படி நடக்கிறது என்பதையும், அடைத்த காதில் இருப்பது குறும்பிதானா அல்லது வேறு வருத்தமா என்று கண்டுகொள்வது எப்படி என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

குறும்பி எங்கிருந்து வருகிறது?

காதின் வாசலிலிருந்து செவிப்பறை வரையுள்ள வழி ஒரு சிறு குழாய். வளர்ந்த ஒருவருக்கு அதன் நீளம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர். சுண்டுவிரலின் நகமும் அதற்குக் கீழ் சிறிதளவும் சேர்ந்த நீளம் என்று சொல்லலாம். இந்தக் குழாயின் வெளிப்புற மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. அங்கேதான் சிறு மயிர்கள் இருக்கின்றன. எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளும், வியர்வைச் சுரப்பி மாற்றமடைந்து உருவான இன்னொரு வகைச் சுரப்பிகளும் அங்கேதான் உள்ளன. உட்புறமுள்ள மூன்றில் இரண்டு பங்கு எலும்பால் ஆனது. அதன்மேல் மிக மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. அங்கே சுரப்பியும் இல்லை, மயிரும் இல்லை.

இதிலிருந்து ஒரு விடயத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். குறும்பி ஊறுவது வாசலுக்குப் பக்கத்தில் மட்டுமே. செவிப்பறைக்கு அருகில் அது தானாக ஊறுவதில்லை. ஒருவருடைய காதில் ஆழத்தில் குறும்பி கட்டியாகக் கிடந்தால், அநேகமாக ஏதோவொன்று அதை அங்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

குறும்பியில் சரிபாதிக்கு மேற்பட்டது உதிர்ந்த தோல். அதனுடன் இரு வகைச் சுரப்பிகளின் எண்ணெயும் மெழுகும் கலந்து, மயிரும் தூசியும் சேர்ந்து பசையாகிறது. இந்தப் பசை காதுத் தோலில் நீர் ஊறவிடாமல் தடுக்கிறது. சூடடிக்கும்போது பறக்கும் பதர்த்தூசும் சிறு பூச்சியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அதற்குச் சிறிது புளிப்புத் தன்மை உண்டு. ஆகவே கிருமிகளும் பூஞ்சணமும் அதில் இலகுவில் வளர்வதில்லை. சவர்க்கார நுரையை விரலால் காதுக்குள் விட்டுக் கழுவுகிறவர்கள் இந்தப் பூச்சை இழக்கிறார்கள். தோல் வறண்டு கடிக்கத் தொடங்குகிறது. கடிக்கிறது என்று சுரண்டினால் தோல் கீறுப்படுகிறது. கீறிய இடத்தில் கிருமி புகுந்தால் காது வீங்கி, வாயை அசைக்கவும் முடியாத வலி வரும்.

எல்லாருடைய குறும்பியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குத் தேன் போல ஈரமாக இருக்கும். சிலருக்குத் தவிடு போல உலர்ந்து உதிரும். இது பெற்றோரிடமிருந்து வரும் வித்தியாசம். ஒரேயொரு பரம்பரை அலகில் உள்ள மாற்றமே இதற்குக் காரணம் என்று யப்பானிய ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். சீனா, யப்பான், கொரியா நாடுகளில் உலர்ந்த வகையே அதிகம். நமது தென்னாசியாவில் இரண்டும் உண்டு. இரண்டுமே சுகமான காதின் அடையாளம்தான்.

வெளியே வரும் வழி

உடலின் மற்ற இடங்களில் பழைய தோல் இருந்த இடத்திலேயே உதிர்ந்து விழுகிறது. காதுக்குழாயில் அப்படி விழ முடியாது. ஆகையால் அங்கே தோலே நகர்கிறது. செவிப்பறையின் நடுவிலிருந்து புறப்படும் தோல், குழாயின் சுவரோடு மெல்ல மெல்ல வாசலை நோக்கி வருகிறது. அதன் வேகம் நகம் வளரும் வேகத்துக்குக் கிட்ட, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு. இந்தக் கணக்கில் முழுக் குழாயையும் கடக்க எட்டு மாதங்களளவில் எடுக்கும். வாசலை அண்மிக்கும்போது அது குறும்பியையும் அதில் ஒட்டிய தூசியையும் சுமந்து வருகிறது. நாம் சாப்பிடும்போதும் கதைக்கும்போதும் தாடை அசைவதால் குழாயின் முன்பகுதியும் அசைந்து குறும்பி இளகுகிறது. பிறகு அது நாம் அறியாமலே உதிர்ந்து போகிறது.

இந்த வெளிவழி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் திமிங்கிலத்தில் பார்க்கலாம். திருகோணமலைக் கடலிலும் காணப்படும் நீலத்திமிங்கிலத்தின் காதுக்குழாய் வெளிப்புறத்தில் மூடியிருக்கும். அதன் குறும்பி வாழ்நாள் முழுவதும் படைபடையாகச் சேர்ந்துகொண்டே போகும். 2007இல் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கப்பல் மோதி இறந்த ஒரு நீலத்திமிங்கிலத்தின் காதில் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான குறும்பிக் கட்டி இருந்தது. மரத்தின் வளையங்களை எண்ணுவது போல ஆய்வாளர்கள் அதன் படைகளை எண்ணி, அதன் வயது ஏறத்தாழப் பன்னிரண்டு என்று கண்டார்கள். அந்தத் திமிங்கிலத்துக்கு அது இயல்பான நிலை. நமக்கோ வழி திறந்திருக்கிறது. அந்த வழியை அடைத்துவிடாமல் இருந்தாலே போதும்.

குச்சி என்ன செய்கிறது?

பஞ்சுக்குச்சியை காதுக்குள் விட்டு எடுத்தால் அதன் நுனியில் சிறிது மஞ்சள் ஒட்டியிருக்கும். துப்புரவாகிவிட்டது என்று நாம் திருப்தி அடைகிறோம். ஆனால் குச்சியின் தலை குழாயின் அகலத்தில் பெரும்பகுதியை நிரப்பிவிடுகிறது. ஓரத்தில் உள்ளது கொஞ்சம் ஒட்டி வர, மிச்சம் உள்ளே போகிறது. பழைய துவக்குக்கு மருந்து கெட்டிப்பதைப் போன்ற வேலை இது. எலும்புப் பகுதிக்குள் தள்ளப்பட்ட குறும்பி திரும்பி வருவது கடினம். பல மாதங்கள் இப்படிச் செய்தால் அது அங்கே இறுகிக் கறுத்துக் கட்டியாகிறது. காதில் அடைப்பான் போட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்கும், காது கேட்கும் கருவி அணிபவர்களுக்கும் இதேபோல வழி மறிக்கப்படுகிறது.

வயது போனவர்களுக்குக் குச்சி இல்லாமலும் இது வரலாம். அறுபது வயதுக்குப் பின் சுரப்பிகள் குறைந்து குறும்பி வறண்டு போகிறது. ஆண்களுக்குக் காது மயிரும் தடித்து வளர்ந்து வாசலில் வேலி போல நிற்கிறது. பிறப்பிலேயே குழாய் ஒடுங்கியவர்களுக்கும் அடிக்கடி அடைக்கும்.

ஒரு விவசாயியின் காது

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, நம்மிடையே உள்ள ஒருவரைப் போல ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். வயது அறுபத்திரண்டு. 1990இல் மேற்கே இருந்த வயலூரை விட்டுக் கரையோரத்துக்கு வந்தவர். இப்போது பிறருடைய வயலில் வேலை செய்கிறார். பெரும்போக வேளாண்மை விளையும் காலத்தில் இரவில் பரணில் காவல் இருக்கிறார். யானை வருவதை இருட்டில் கண்ணுக்கு முன் காதுதான் அறிவிக்கும். அவருக்குக் காது வெறும் கதை கேட்பதற்கு மட்டும் அல்ல.

வெட்டு முடிந்து சூடடித்த அன்று பின்னேரம் காதெல்லாம் தூசு. கிணற்றடியில் தலைக்கு வாளி வாளியாக ஊற்றிக் குளிக்கிறார். குளித்து நிமிர்ந்ததும் இடது காது ‘டப்’ என்று அடைத்துக்கொள்கிறது. தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்க்கிறார். தண்ணீர் வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே இருக்கிறது. தன்னுடைய குரல் தனக்கே பானைக்குள் கதைப்பது போலக் கேட்கிறது.

தண்ணீர் உள்ளே நிற்கிறது என்று அவர் நினைக்கிறார். உண்மையில் அங்கே முன்பே குறும்பிக் கட்டி இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நூலிழை இடைவெளி இருந்தபடியால் அதுவரை காது கேட்டது. ஒலி போவதற்குச் சிறிய துவாரமும் போதும். தண்ணீர் பட்டதும், ஊறவைத்த பயறு பருப்பதைப் போலக் கட்டி பருத்து, அந்த இடைவெளியும் மூடிக்கொண்டது. பல மாதமாகச் சேர்ந்த அடைப்பு ஒரு நிமிடத்தில் வந்தது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். சிலருக்கு இத்தோடு காதில் இரைச்சல், லேசான தலைசுற்றல், காரணமில்லாத வறட்டு இருமல் ஆகியவையும் வரலாம். தொண்டைக்குப் போகும் நரம்பு ஒன்றின் கிளை காதுக்குழாய்க்கும் வருகிறது. கட்டி அதைத் தொட்டால் இருமல் எழும்பும்.

‘ம்’ என்று முனகிப் பாருங்கள்

இவர் முதலில் செய்யக்கூடிய சோதனைக்குக் காசு தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகவேண்டும். குறும்பியால் அடைத்த காது என்றால் அந்தச் சத்தம் அடைத்த பக்கத்தில்தான் பலமாகக் கேட்கும். நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் இப்போதே ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு முனகிப் பாருங்கள். பொத்திய காதில்தான் சத்தம் கூடுதலாக இருக்கும். வெளிச் சத்தம் உள்ளே வராதபோது, எலும்பு வழியாக வரும் நமது சொந்தச் சத்தம் அங்கே அடைபட்டுப் பெரிதாகிறது.

முனகலின் சத்தம் நல்ல காதில் பலமாகவும் கேளாத காதில் இல்லாமலும் இருந்தால் கவனம் தேவை. அது குறும்பியாக இல்லாமல், உட்காதின் நரம்பு திடீரென்று செயலிழந்ததாக இருக்கலாம். வலி எதுவும் இல்லாமலே இது வரும். இதற்கு மருந்து உண்டு. ஆனால் முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். காதுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு கிழமை பொறுத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும். இந்தச் சோதனை வைத்தியரின் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆகையால் சந்தேகம் இருந்தால், திடீரென்று கேளாமற்போன காதை ஓரிரு நாட்களுக்குள் வைத்தியரிடம் காட்டுவதே சரி.

நம் விவசாயிக்கு முனகல் அடைத்த இடது காதில்தான் கேட்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை. முன்பு ஒருபோதும் காது வடிந்ததும் இல்லை. ஆகவே வீட்டில் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம்.

எண்ணெய் விடும் முறை

சுத்தமான தேங்காயெண்ணெயோ ஒலிவெண்ணெயோ போதும். பாமசியில் விற்கும் சோடியம் பைகாபனேற்றுத் துளி மருந்தும் நல்லது. இவற்றில் ஒன்று மற்றொன்றைவிடச் சிறந்தது என்று ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. பொரித்த எண்ணெய், உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், பலநாள் திறந்து கிடந்த எண்ணெய் ஆகியவை வேண்டாம். அடுப்பில் வைத்துச் சூடாக்கவும் வேண்டாம். சூடான எண்ணெய் காதுத் தோலையும் செவிப்பறையையும் வேகவைத்துவிடும். போத்தலைக் கைக்குள் சில நிமிடம் பொத்தி வைத்திருந்தால் வரும் சூடே அளவானது.

அடைத்த காது மேலே இருக்கும்படி சரிந்து படுக்கவேண்டும். வளர்ந்தவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்தால் குழாய் நேராகும். மூன்று நான்கு துளிகள் விட்டு ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கவேண்டும். எழும்பியதும் வெளியே வழிவதைத் துணியால் துடைத்தால் போதும். பஞ்சை உள்ளே அடைக்கத் தேவையில்லை. காலையும் மாலையுமாக மூன்று முதல் ஐந்து நாட்கள் இப்படிச் செய்யலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் அடைப்பு இன்னும் கூடியது போல இருக்கலாம். கட்டி ஊறிப் பருப்பதே அதற்குக் காரணம். ஆனால் வலியோ எரிவோ வந்தால் உடனே நிறுத்தவேண்டும்.

பலருக்கு இதோடு கட்டி கரைந்து வழிந்துவிடும். நம் விவசாயிக்கு ஐந்தாம் நாளும் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இனி அவர் குச்சியை எடுக்கக்கூடாது. கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. எண்ணெய் விட்டு ஊறிய கட்டி என்பதால் வைத்தியரின் வேலையும் இலகுவாகிறது.

வைத்தியர் விளக்குள்ள சிறு கருவியால் காதுக்குள் பார்ப்பார். செவிப்பறையில் துவாரம் இருந்த வரலாறு இல்லையென்றால் நீர் பீச்சிக் கழுவலாம். அந்த நீர் உடம்புச் சூட்டில், 37 பாகை செல்சியசில் இருக்கவேண்டும். குளிர்ந்த நீரோ சுடுநீரோ பட்டால் உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு குழம்பி, தலைசுற்றி வாந்தி வரும். நீரை நேரே செவிப்பறையில் பீச்சாமல் குழாயின் மேற்சுவரை நோக்கிப் பீச்சுவார்கள். நீர் கட்டிக்குப் பின்னால் போய்த் திரும்பும்போது அதைத் தள்ளிக்கொண்டு வரும். தட்டில் விழுவது கருப்பட்டித் துண்டு போன்ற ஒரு கறுத்த கட்டி. அந்தக் கணமே வெளியில் கதைப்பவர்களின் சத்தம் உரக்கக் கேட்கும். கழுவமுடியாத காதுகளுக்குச் சிறு உறிஞ்சு குழாயால் எடுக்கும் முறை உண்டு. அதற்குக் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் அனுப்புவார்கள்.

எண்ணெயும் நீரும் விடக்கூடாத காதுகள்

குறும்பிக்குத் துர்நாற்றம் இல்லை. அது தலையணையை நனைக்கும் அளவுக்கு வடிவதும் இல்லை. காதிலிருந்து நாற்றத்தோடு சீழ் வடிந்தால் செவிப்பறையில் துவாரம் இருக்கிறது என்று கொள்ளவேண்டும். பிள்ளைகளுக்குத் தடிமனோடு இது வரும்போது, காதூத்தை இளகி வருகிறது என்று சில வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். அது வருடக்கணக்கில் வடிந்தால் கேட்கும் எலும்புகள் அரிக்கப்பட்டுப் போகும். சிலவேளை கிருமி மூளை வரை போய் உயிருக்கும் ஆபத்தாகும். அந்தக் காதுக்குள் எண்ணெய் விட்டால் அது துவாரத்தின் வழியாக நடுக்காதுக்குள் போய்விடும்.

நம்மிடையே இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் ஷெல்லோ குண்டோ பக்கத்தில் வெடித்து, அன்றிலிருந்து ஒரு காது மந்தமானவர்கள் உண்டு. வெடியின் காற்றமுக்கம் செவிப்பறையைக் கிழிக்கக்கூடியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் அடித்துச் சென்று தப்பியவர்களும் இருக்கிறார்கள். நீர் வேகமாக அறைந்தாலும் பறை கிழியலாம். சிறு கிழிவுகள் பெரும்பாலும் தாமாக ஆறிவிடும். ஆறாதவை வருடக்கணக்கில் வலியில்லாமல் அப்படியே இருக்கும். இப்படியான வரலாறு உள்ளவர்கள், காது அடைத்தால் எண்ணெய் விடுவதற்கு முன் ஒருதரம் வைத்தியரிடம் காட்டவேண்டும். கழுவுவதற்கு முன் அந்த வரலாற்றை அவரிடம் சொல்லவும் வேண்டும். காதில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், ஒரேயொரு காது மட்டும் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் சுரண்டுவதை முற்றாக விடவேண்டும். அவர்களுக்குச் சிறு கீறலில் புகும் கிருமி எலும்பு வரை பரவக்கூடும். இரவில் நித்திரை கொள்ளவிடாத காதுவலி அதன் அடையாளம்.

சூடடிக்கும்போது நெல்மணியோ, விளையாடும் பிள்ளையின் காதில் பயறோ புகுந்தால் நீர் விடக்கூடாது. விதை ஊறிப் பருத்து இறுகிக்கொள்ளும். உயிரோடு பூச்சி புகுந்தால் மட்டும், துவாரமில்லாத காது என்று தெரிந்திருந்தால், சில துளி எண்ணெய் விட்டு அதைச் சாகவிட்டு, பிறகு வைத்தியசாலையில் எடுப்பிக்கலாம்.

தாமதிக்கக்கூடாத அடையாளங்கள்

அன்றாடத் துப்புரவுக்கு, குளித்தபின் ஈரத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றிக் காது மடலையும் வாசலையும் துடைத்தால் போதும். விரல் போகாத இடம் நாம் துப்புரவு செய்யவேண்டிய இடமல்ல. அடிக்கடி கட்டி பிடிக்கும் முதியவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது காதைக் காட்டிக்கொள்வது நல்லது. கீழ்க்காணும் அடையாளங்கள் இருந்தால் வீட்டில் எதுவும் விடாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்:

திடீரென்று கேளாமற்போய், முனகல் சத்தம் நல்ல காதில் மட்டும் கேட்டல்.

காதிலிருந்து சீழ் அல்லது இரத்தம் வடிதல், துர்நாற்றம் வீசுதல்.

கடும் வலி, காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம்.

நிற்கமுடியாத தலைசுற்றல், அல்லது முகம் ஒரு பக்கம் கோணுதல்.

கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பாராதிருத்தல், அல்லது வகுப்பில் சொல்வது விளங்காமல் பின்னடைதல். குறும்பி நீங்கிய பின்னும் இது மாறாவிட்டால் கேட்கும் திறனைச் சோதிப்பிக்கவேண்டும்.